மத்தியானத்தில மட்டும் லேயர் நகருது: டிரைவர் சூடா, விளிம்பில இடியா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கிளிநொச்சியில தகரக் கூரைக்குக் கீழ ஓடுற த்ரீடி பிரிண்டர். A4988 டிரைவர், ஜிடி2 பெல்ட், 20 பல்லுப் புல்லி.

காலமை தொடங்கின பிரிண்ட் இரண்டு மணியளவில வை அச்சுப் பக்கம் நகர்ந்துபோகுது. அதே ஃபைலை இரவில அடிச்சா ஒரு பிசகும் இல்லை. நகர்ந்த அளவை வெர்னியரால அளந்தா 2.4 மி.மீ. ஜிடி2 பெல்ட் ஒரு பல்லுத் தாண்டினா 2 மி.மீ., இரண்டு பல்லெண்டா 4. ஆனா மோட்டர் ஸ்டெப்பை விட்டா நாலு முழு ஸ்டெப்பாத்தான் விடும். இந்தப் புல்லியில அது 0.8 மி.மீ., மூண்டு தரம் விட்டா சரியா 2.4. புல்லியின்ர கிரப் ஸ்குரூவும் இறுக்கம், கோடு போட்டுப் பார்த்தம், அசையேல்லை. அதால பெல்ட்டில சந்தேகம் குறைவு.

ஆனா விளிம்பு சுருண்டு மேல எழும்பி நொசில் இடிச்சாலும் இதே 0.8 கணக்குத்தான் வரும். நகர்ந்த லேயருக்குக் கீழ நொசில் உரசின தழும்பு எதுவும் தெரியேல்லை. அதோட, மோட்டர் கொஞ்ச நேரம் பிடி விட்டுத் திரும்பப் பிடிக்கிற சத்தம் கேக்குது. டிரைவர் சூட்டில தானா நிண்டு, ஆறினாப் பிறகு திரும்ப ஓடுறமாதிரி.

வி-ரெஃப் 0.9 வோல்ட், சென்ஸ் ரெசிஸ்டர் 0.1 ஓம். அப்பிடியெண்டா 1.1 அம்பியருக்குக் கிட்ட. வி-ரெஃப்பை 0.75 வோல்ட்டுக்குக் குறைச்சா சூடு குறையும், ஆனா பாரமான பெட்டை இழுக்கப் பலம் காணாமல் திரும்ப ஸ்டெப் விடுமோ எண்டு பயம். வன்னி வெயிலில இப்பிடி ஓட்டுற ஆக்கள் எந்த அளவில வச்சிருக்கிறியள்? இல்லாட்டி வி-ரெஃப்பைத் தொடாமல், போர்ட்டுக்கு மேல 40 மி.மீ. ஃபேன் ஒண்டு பூட்டினாலே காணுமோ?