வசூல் பணமும் டேலியும் ஒரே கையில்: எப்படிப் பிரிப்பது?

வணக்கம். ஹார்டுவேர் மொத்தக் கடை. ஆட்கள் மூன்றே பேர்: முதலாளி, கணக்குப்பிள்ளை, லைன் வசூலுக்குப் போகும் பையன். வசூலை எண்ணி வாங்குவதும் டேலியில் வரவு வைப்பதும் இப்போது கணக்குப்பிள்ளைதான்.

ஆள் நல்லவர்தான், ஆனால் ஓட்டை ஓட்டைதானே. திங்கட்கிழமை ஒரு கடை கட்டிய 18,000-ஐ எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை வேறொரு கடை தரும் 25,000-இல் 18,000-ஐ முதல் கடைப் பேரில் வரவு வைத்துவிடலாம். இரண்டாவது கடைக்கு 7,000 மட்டும் ஏறும். கல்லாவும் கணக்கும் எந்த நாளும் ஒத்தே போகும். ரசீதுத் தேதிக்கும் டேலி தேதிக்கும் நாள் தள்ளினாலோ, ஒரு ரசீது இரண்டு பேரில் உடைந்தாலோதான் தெரியும்.

யோசித்திருப்பது: அச்சிட்ட எண்ணோடு மூன்று பிரதி ரசீதுப் புத்தகம். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்றைப் பணத்தோடு முதலாளி வாங்கி, நோட்டு வாரியாக எழுதி, மறுநாள் முழுத்தொகையையும் பேங்கில் கட்டுவார். சில்லறைச் செலவுக்குத் தனிப் பணம். மூன்றாவது பிரதி மட்டும் கணக்குப்பிள்ளைக்கு. பணத்தை அவர் தொடமாட்டார்.

மூன்று சந்தேகம். முதலாளி வெளியூர் போனால் பணத்தை யார் வாங்குவது? பையன் ரசீதே போடாமல் வாங்கினால், மாதம் ஒருமுறை முதலாளியே கடைகளுக்கு பாக்கி விவரம் அனுப்பினால் போதுமா? தள்ளுபடி வரவுக்கு யார் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள்? மூன்று ஆளில் நடத்துபவர்கள் சொல்லுங்கள்.