பாக்ஸ்–முல்லர்: சராசரி சரி, வேரியன்ஸ் சரி, ஆனால் இடது வால் மட்டும் −3.34-இல் நின்றுவிடுகிறது. ஏன்?

மதி:
சிவில் இறுதியாண்டு ப்ராஜெக்ட். உத்தரத்தின் தாங்குதிறனிலிருந்து சுமையைக் கழித்தால் கிடைக்கும் மிச்சம் இயல்நிலைப் பரவலில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, எத்தனை உத்தரம் உடையும் என்று எண்ணிப் பார்க்கிறேன். நான் எடுத்த அளவுகளில் z −3.5-க்குக் கீழே போனால் உத்தரம் உடைந்தது என்று கணக்கு. அட்டவணைப்படி 1 லட்சம் ஓட்டத்தில் சுமார் 23 உடைய வேண்டும். எனக்கு ஒன்றுகூட உடையவில்லை. சீட்டை நான்கைந்து முறை மாற்றிவிட்டேன், ஒவ்வொரு முறையும் பூஜ்யம்தான்.

இயல்நிலை எண்களைப் பாக்ஸ்–முல்லர் முறையில் உருவாக்க, துறையில் முன்பு யாரோ எழுதி வைத்த சி நிரல் இது:

```c
static uint64_t x = 12345;

double u(void) {
    x = (131 * x) & ((1ULL << 35) - 1);
    return x / 34359738368.0;
}

double z(void) {
    return sqrt(-2.0 * log(u())) * cos(2.0 * M_PI * u());
}
```

சராசரி 0-க்குப் பக்கத்தில், வேரியன்ஸ் 1-க்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஹிஸ்டோகிராமும் அழகான மணி வடிவம். ஆனால் மிகச் சிறிய மதிப்பு −3.33, மிகப் பெரியது 4.8-ஐத் தாண்டுகிறது. 3.34-க்கு மேலே 61 எண்கள், −3.34-க்குக் கீழே ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் சுமார் 42 வர வேண்டும் அல்லவா? இன்னொரு விஷயம், இதே நிரலை இதே சீட்டோடு நண்பன் தன் லேப்டாப்பில் ஓட்டினால் 25 உடைகிறது! எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

செல்வம்:
தம்பி, முதலில் `log(0)` வருகிறதா பாருங்கள். u 0 ஆனால் முடிவிலி வந்துவிடும். அது இல்லையென்றால் நுண்மை போதவில்லை என்று அர்த்தம். u-வின் மிகச் சிறிய மதிப்பு எவ்வளவோ அதைப் பொறுத்துத்தான் `sqrt` தரும் ஆரம் எவ்வளவு தூரம் போகும் என்பது இருக்கிறது. பழைய கம்பைலர்களில் `rand()` 15 பிட்தான் தரும். அதை வைத்து பாக்ஸ்–முல்லர் செய்தால் 4.56-க்கு மேல் எதுவும் வராது. நான் இதில் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

மதி:
அண்ணா, சீட் ஒற்றைப்படை, 131-உம் ஒற்றைப்படை, அதனால் x ஒருபோதும் 0 ஆகாது. 35 பிட் என்பதால் உங்கள் கணக்குப்படி 6.97 வரை போகலாம். வலது பக்கம் போகத்தானே செய்கிறது, இடது பக்கம் மட்டும் ஏன் நிற்கிறது?

பானு:
எனக்கும் இதே பிரச்சினைதான்! ஆனால் நான் எக்செலில் செய்கிறேன். A பத்தியில் `=RAND()`, B பத்தியில் `=SQRT(-2*LN(A2))*COS(2*PI()*A2)`, C-யில் அதே சூத்திரம், COS-க்குப் பதில் SIN. B-யையும் C-யையும் எதிரெதிரே ஸ்கேட்டர் போட்டால் புள்ளிக் கூட்டம் வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சுருள் கோடு வருகிறது, வெளியிலிருந்து உள்ளே மையத்துக்குப் போகிறது. B-இல் −1.21-க்குக் கீழே எதுவும் இல்லை. இதற்கு என்ன செய்வது?

செல்வம்:
பானு, ஆரத்துக்கும் கோணத்துக்கும் ஒரே A2-வைக் கொடுத்திருக்கிறீர்கள். இன்னொரு பத்தியில் இன்னொரு RAND வையுங்கள். மதியின் கேள்வி வேறு, அங்கே `u()` இரண்டு முறை கூப்பிடப்படுகிறது.

நந்தினி:
வேறு இல்லை செல்வம், இரண்டும் ஒரே கேள்விதான்.

மதி, நிரலில் `u()` இரண்டு முறை கூப்பிடப்படுவது உண்மை. ஆனால் இரண்டாவது எண் முதல் எண்ணின் 131 மடங்கில் முழு எண்ணை வெட்டிவிட்டு எஞ்சிய பின்னம், அவ்வளவுதான். முதலாவது தெரிந்தால் இரண்டாவது தெரிந்துவிடும். பானுவிடம் பெருக்கி 1, உங்களிடம் 131. அவரிடம் சுருள் ஒரு சுற்று, உங்களிடம் 131 சுற்று. 131 சுற்றுகள் நெருக்கமாக ஓடுவதால் நடுப்பகுதி நிரம்பிய மாதிரி கண்ணுக்குத் தெரிகிறது, மணி வடிவமும் கெடவில்லை. வெளி ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு கை தனியாக நீண்டு நிற்கும்.

பாக்ஸும் முல்லரும் 1958-இல் சொன்ன முறை ஒன்றை நம்பித்தான் நிற்கிறது. தளத்தில் ஒரு புள்ளியின் இரண்டு ஆயங்களும் தனித்தனி இயல்நிலை எண்கள் என்றால், அந்தப் புள்ளி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதும் எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. தொலைவை ஒரு u-விலிருந்தும் திசையை இன்னொரு u-விலிருந்தும் எடுக்கிறோம். தொலைவு திசையைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் எல்லாம் போயிற்று.

உங்கள் வாலைப் பாருங்கள். z பெரிதாக வேண்டுமானால் ஆரம் பெரிதாக வேண்டும், அதற்கு முதல் u மிகச் சிறிதாக வேண்டும். அது 1/131-ஐவிடச் சிறிதாக இருந்தால் 131-ஆல் பெருக்கினாலும் 1-ஐத் தாண்டாது, வெட்டப்பட எதுவும் இல்லை. அதாவது u மிகச் சிறிதானால் கோணமும் 0-க்குப் பக்கத்தில் விழும், cos கிட்டத்தட்ட 1, z நேர்மறை. எதிர்மறைப் பக்கம் தூரமாகப் போகக் கோணம் அரைச் சுற்று ஆக வேண்டும், அதற்கு u குறைந்தது 0.5/131 அளவுக்கு வர வேண்டும், அப்போது ஆரம் √(2 ln 262), அதாவது 3.34. உங்கள் வால் நின்ற இடம் அதேதான். வலது பக்கம் 42-க்குப் பதில் 61 வந்ததும் இதனால்தான், அந்தச் சிறிய u எல்லாம் ஒரே பக்கம் போய் விழுகின்றன.

z 3.34-ஐத் தாண்டும்போது மட்டும் இரண்டு u-வையும் அச்சிட்டுப் பாருங்கள்.

மதி:
அச்சிட்டேன் மேடம். 61 வரியிலும் இரண்டாவது u 0.083-க்குக் கீழேதான். மாதிரிக்கு இரண்டு:

```
u1=0.000210  u2=0.027510  z=4.054
u1=0.000035  u2=0.004585  z=4.528
```

கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்தேன், இரண்டிலும் சரியாக 131 மடங்கு. வயிற்றைக் கலக்குகிறது. முதல் ரிவியூவில் இந்த முடிவை வைத்து "வடிவமைப்பு பாதுகாப்பானது" என்று ஸ்லைடு போட்டுவிட்டேன். சரி, அப்படியென்றால் நண்பனுக்கு மட்டும் 25 எப்படி வருகிறது?

நந்தினி:
உங்கள் `z()` ஒரே வரியில் `u()`-வை இரண்டு இடத்தில் கூப்பிடுகிறது. பெருக்கலில் எந்தப் பக்கத்தை முதலில் கணக்கிடுவது என்பதை சி மொழி கம்பைலரிடமே விட்டுவிடுகிறது. உங்கள் கம்பைலர் `log` பக்கம் முதலில் போகிறது, நண்பனுடையது `cos` பக்கம் முதலில் போகிறது என்று நினைக்கிறேன். அங்கே கோணம் முதல் எண்ணிலிருந்தும் ஆரம் இரண்டாவது எண்ணிலிருந்தும் வரும். இரண்டாவது எண் மிகச் சிறிதாக இருந்தால், அதற்கு முந்தைய எண் 131 வெவ்வேறு இடங்களில் இருந்திருக்கலாம், வட்டம் முழுக்கச் சமமாகப் பரவிய 131 திசைகள். அதனால் வால் இரண்டு பக்கமும் ஒழுங்காக வருகிறது.

தாமோ:
அப்போ வரிசையை மாற்றினால் முடிந்தது. `double b = u(); double a = u();` என்று தனித்தனியாக எழுதி a-வை ஆரத்துக்குக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் மார்சாக்லியாவின் போலார் முறைக்குப் போய்விடலாம், சதுரத்தில் புள்ளி எடுத்து வட்டத்துக்கு வெளியே விழுந்தால் தூக்கி எறிவது. sin, cos எதுவும் இல்லை, சுருளும் இருக்காது. நான் பல வருஷமாக அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

நந்தினி:
தாமோ சார், சுருள் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் நோய் போகாது. 131 பெருக்கியில் அடுத்தடுத்த இரண்டு எண்களைச் சதுரத்தில் வைத்தால் எல்லாப் புள்ளிகளும் 131 செங்குத்தான கோடுகளில்தான் விழும். அவற்றில் ஒன்று சரியாக நடு மையம் வழியாகப் போகிறது. போலார் முறையில் வால் வருவது மையத்துக்குப் பக்கத்தில் விழும் புள்ளிகளிலிருந்துதான். அங்கே இருப்பது அந்த ஒரே கோடு, அதுவும் கிட்டத்தட்ட நேர் மேலாக. அதனால் இரண்டாவது எண்ணுக்கு வால் தடிக்கும், முதல் எண் 4.09-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். இரண்டு பக்கமும் சமமாக நிற்பதால் மதி மாதிரி யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

வரிசையை மாற்றுவதும் பழுதை இடம் மாற்றுவதுதான். இப்போது ஆரம் இரண்டாவது எண்ணிலிருந்து வருகிறது. அதற்கு அடுத்த எண்தானே அடுத்த z-க்குக் கோணம்! ஆக ஒரு z தூரமாகப் போனால் அதற்கு அடுத்த z-இன் கோணம் 0-க்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். மதி, நண்பனின் வெளியீட்டில் −3.55-க்குக் கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் அடுத்த எண் என்ன குறி என்று பாருங்கள். எல்லாம் நேர்மறையாக இருக்கும் என்கிறேன்.

மதி:
−3.55-க்குக் கீழே 20 இருக்கின்றன. அடுத்த எண் 20-உம் நேர்மறை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

தாமோ:
சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் தம்பியின் கணக்கில் ஒவ்வொரு உத்தரமும் தனித்தனி. அடுத்த எண் என்னவாக இருந்தால் என்ன? உடைந்த எண்ணிக்கை சரியாகத்தானே வருகிறது?

நந்தினி:
இந்த ஒரு எண்ணிக்கைக்கு வேண்டுமானால் சரியாக வரும். நாளைக்கு அவரே தாங்குதிறனுக்கு ஒரு z, சுமைக்கு அடுத்த z என்று எடுத்தால்? பலமில்லாத உத்தரம் வரும்போதெல்லாம் சுமையும் ஒரே பக்கம் சாய்ந்து வரும். புள்ளியியலாளர் நீவ் 1973-இலேயே இந்த விளைவைச் சுட்டிக்காட்டிவிட்டார். உருமாற்றத்தில் குறை இல்லை, அதற்குக் கொடுக்கிற எண்களில்தான் குறை. பெருக்கியைப் பெரிதாக்கினால் இந்தச் சுவர் தள்ளிப்போகும். பலரும் பயன்படுத்திய 16807-ஐப் போட்டால் −4.57-இல் நிற்கும். உங்களுக்கு அது போதலாம், கோடியில் ஒன்று தேடுபவருக்குப் போதாது. நான் பெருக்கல் வகையையே விட்டுவிடச் சொல்வேன். ஸ்ப்ளிட்மிக்ஸ் என்ற ஜெனரேட்டர் நாலு வரிதான்:

```c
static uint64_t s = 12345;

double u(void) {
    uint64_t v = (s += 0x9E3779B97F4A7C15ULL);
    v = (v ^ (v >> 30)) * 0xBF58476D1CE4E5B9ULL;
    v = (v ^ (v >> 27)) * 0x94D049BB133111EBULL;
    v ^= v >> 31;
    return ((v >> 11) + 0.5) / 9007199254740992.0;
}
```

அந்த 0.5 எதற்கென்றால், செல்வம் சொன்ன `log(0)` இங்கே உண்மையிலேயே வரக்கூடும், அது வராமல் இருக்க. `z()`-க்குள் இரண்டு `u()`-வையும் தனித்தனி வரியில் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே சீட்டுக்கு இரண்டு கணினியில் இரண்டு விடை வருவது தொடரும்.

பானு:
இன்னொரு RAND வைத்ததும் எனக்குச் சரியாகிவிட்டது, நன்றி. சுருள் போய்ப் புள்ளிக் கூட்டம் வட்டமாக வருகிறது.

மதி:
மாற்றி ஓட்டினேன். −3.5-க்குக் கீழே 21, 3.5-க்கு மேலே 24. மிகச் சிறியது −4.2. நண்பனின் லேப்டாப்பிலும் அதே எண்கள் வருகின்றன.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. பழைய நிரலை வைத்து முந்தைய பேட்ச் ஆட்கள் எடுத்த முடிவுகளோடு ஒப்பிட வேண்டும் என்று கைடு சொல்கிறார், அதனால் ஜெனரேட்டரை மாற்றக் கூடாதாம். அவர்கள் எந்தக் கணினியில், எந்தக் கம்பைலரில் ஓட்டினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்களின் வெளியீட்டுக் கோப்பு மட்டும் ஒன்று கிடைத்திருக்கிறது, 5,000 எண்கள். எந்த வரிசையில் ஓடியது என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா?

நந்தினி:
5,000-இல் −3.34-க்குக் கீழே இரண்டு மூன்றுதான் எதிர்பார்க்கலாம். ஒன்று இருந்தாலும் `cos` முதலில் ஓடியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஒன்றுமே இல்லையென்றால் வாலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சீட் எங்காவது குறித்து வைத்திருக்கிறார்களா? இருந்தால் இரண்டு வரிசையிலும் ஓட்டி முதல் பத்து எண்களை ஒப்பிட்டாலே போதும்.

மதி:
ரெக்கார்டு நோட்டில் தேடிப் பார்க்கிறேன் மேடம்.