ஸ்டார் டிரெயிலுக்கு இருட்டுப் படம் எப்போது எடுப்பது?

வணக்கம் நண்பர்களே. கல்லணைப் பக்கம் வயல்வெளியில் ஸ்டார் டிரெயில் எடுக்கிறேன். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டிருந்தால், 30 விநாடி படம் முடிந்ததும் கேமரா ஷட்டரை மூடி இன்னொரு 30 விநாடி இருட்டுப் படம் எடுத்து, அதில் தெரியும் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழிக்கிறது. ஒற்றைப் படத்துக்கு அந்தக் காத்திருப்பு தகும். தொடர்ச்சியாக எடுத்து அடுக்கும்போதோ, அந்த இடைவெளியில் நட்சத்திரம் நகர்ந்து, கோடு விட்டுவிட்டு விழுகிறது. அதனால் இதற்கு மட்டும் அணைத்துவிட்டேன்.

இப்போது சித்திரைப் புழுக்கத்தில், கரையோர மரங்களின் கருப்பில் சிவப்பும் நீலமுமாய்ப் புள்ளிகள். லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓ, அதே 30 விநாடியில் இருட்டுப் படங்களைத் தனியே எடுத்துக் கழிக்கலாம் என்றிருக்கிறேன். சென்சார் சூடேறினால் புள்ளிகளும் கூடுமே! கடைசியில் எடுத்தால் போதுமா, தொடங்கும்போதும் எடுக்கணுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.