புதுப்பிப்பு: ஷார்ஜாவில் வீட்டு நினைப்பும் இரவு அழைப்பும்

"இரவில் அம்மாவிடம் பேசிய பிறகுதான் வீட்டு நினைப்பு அதிகமாகித் தூக்கம் கெடுகிறது. என்ன செய்யலாம்?"

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பலன் தந்தது ஊரிலிருக்கும் என் நண்பனின் யோசனை. "நீ அழைக்கும் 10 மணி இங்கே 11.30, மாப்பிள்ளை. அம்மா பாதித் தூக்கத்தில் பேசுகிறார். அது உனக்கு வருத்தமாகக் கேட்கிறது. பகலில் கூப்பிடு. இங்கே எல்லோரும் நன்றாகவே இருக்கிறோம்" என்று எழுதியிருந்தான்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை வெயிலில் வேலை செய்வோருக்கு இங்கே 12.30 முதல் 3 மணி வரை கட்டாய ஓய்வு என்பதால், அந்த நேரத்தில் அழைக்கத் தொடங்கினேன். அப்போது ஊரில் 2 மணி கடந்திருக்கும். அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே, ரேஷன் கடை வரிசையில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பது வரை சொல்கிறார். இரவில் இப்போது பெரும்பாலும் தூங்கிவிடுகிறேன்.

நல்ல வைஃபை இருந்தால் வாட்ஸ்அப்பே போதும் என்று ஒருவர் சொன்னது பாதி சரி: குரல் பதிவுகள் போகின்றன, ஆனால் அமீரகத்தில் அழைப்பு இணைவதில்லை. அஜ்மான் அண்ணன் சொன்னபடி, இரு கைப்பேசிகளிலும் போட்டிம் செயலியை நிறுவிய பிறகே பேச முடிந்தது. விடுப்பு கிடைக்காததைப் பற்றி எழுதிய சவூதி சகோதரருக்குச் சொல்ல என்னிடம் வழியில்லை. அவருடைய சிக்கல் வேறு.

எதிர்பாராதது ஒன்று: டீக்கடைப் பேச்சை நண்பன் பதிவுசெய்து அனுப்பியபோது, முதலில் ஏக்கம் கூடவே செய்தது. இப்போது அதைக் காலையில் வேலைக்குப் போகும் பேருந்தில் மட்டும் கேட்கிறேன். செப்டம்பர் 15க்குப் பிறகு பகல் ஓய்வு சுருங்கும்; அப்போது எந்த நேரத்தில் அழைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.