வீடியோ காலிங் பெல்லில் ஆள் வந்து போன பிறகுதான் பதிவு தொடங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் வாசலில் பேட்டரியில் ஓடும் வீடியோ பெல் இருக்கிறது. கூரியர் தம்பி பார்சலை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர் முதுகு மட்டும்தான் பதிவாகிறது. சில நேரம் அதுவும் இல்லை. அம்மா பகலில் தனியாக இருப்பதால் யார் வந்தார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும்.

எனக்குப் புரிந்தவரை, பேட்டரியை மிச்சப்படுத்த கேமரா தூங்கிக்கொண்டே இருக்கும். உடல் வெப்பத்தை உணரும் சென்சார் எழுப்பிய பிறகுதான் பதிவு தொடங்கும். எங்கள் வீட்டில் ஆட்கள் நேராக பெல்லை நோக்கியே நடந்து வருவார்கள். குறுக்கே நடந்தால் சட்டென்று உணரும் சென்சார், நேரே வந்தால் தாமதமாகத்தான் உணர்கிறது.

பேட்டரி சேமிப்பை அணைத்து, ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைக் குறைத்தேன். ஆள் வருவது பதிவாகாமல் போவது குறைந்தது, ஆனால் சார்ஜ் வேகமாக இறங்குகிறது. வாசலில் வைஃபை சிக்னலும் பலவீனம், -78 dBm காட்டுகிறது. ரவுட்டர் இரண்டு சுவர் தள்ளி ஹாலில். 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இணைந்திருக்கிறது.

வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் வைத்தால் போதுமா? நிரந்தரமாக சார்ஜர் வயர் கொடுத்தாலும் இந்த வகை பெல் தூங்கத்தான் செய்யுமா? மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.