பாட்டி முதல் பேத்தி வரை ஒரே பக்கம் நின்று ஆட எந்த விளையாட்டு? உங்கள் வீட்டு அனுபவம் சொல்லுங்கள்

வைகைக்கரை:
சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டில் 14 பேர் கூடுவோம். மூத்தவர் என் மாமியார், வயது 78. கடைக்குட்டி என் தங்கை மகள், வயது 5. தாயம் விரித்தால் நாலு பேர் ஆட, மற்றவர்கள் கைபேசிக்குள் போய்விடுகிறார்கள். தம்போலா போட்டால் குட்டி தோற்று அழுகிறாள், அவளைத் தேற்றுவதிலேயே மாலை போய்விடுகிறது. எல்லோரும் சேர்ந்து ஜெயிக்கும் அல்லது சேர்ந்து தோற்கும் விளையாட்டு ஏதாவது உங்கள் வீட்டில் எடுபட்டதா?

திண்ணைவாசி:
அந்தாக்ஷரியை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை அம்மா. சித்தப்பா மகள் கல்யாணத்தில் பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம். விடிய விடியப் பாடினோம். கடைசியில் இரண்டு சம்பந்திகளும் ஒரு பாட்டுக்காக மல்லுக்கு நின்றார்கள். அருமையான இரவு.

வைகைக்கரை:
ஐயா, நான் தப்பிக்கப் பார்ப்பதே அந்த மல்லுக்கட்டிலிருந்துதான்! எதிரணி என்று ஒன்று இருக்கவே கூடாது.

சேலத்து மாம்பழம்:
கூட்டாக ஆடுவது என்று சொன்னதும் எனக்குப் பயமாக இருக்கிறது. பாண்டமிக் என்ற பலகை விளையாட்டை என் மைத்துனர் வாங்கி வந்தார். உலகம் முழுவதும் நோய் பரவும், நாலு பேர் சேர்ந்து மருந்து கண்டுபிடிக்க வேண்டும். விதிகள் அவருக்கு மட்டும் தெரியும். அப்பாவின் முறை வந்தால், "மாமா, நீங்கள் அட்லாண்டாவுக்குப் போய்விடுங்கள்" என்று சொல்லி, காயையும் அவரே நகர்த்திவிடுவார். மூன்றாவது சுற்றில் அப்பா எழுந்து போய்ச் செய்தி பார்க்க உட்கார்ந்துவிட்டார். ஜெயித்தோம் என்று மைத்துனர் கை தட்டியபோது பக்கத்தில் ஆளே இல்லை.

பல்லாங்குழி:
இதற்குக் காரணம் உங்கள் மைத்துனர் மட்டும் அல்ல. பாண்டமிக்கில் எல்லாத் தகவலும் மேசை மேலேயே கிடக்கும். விவரம் தெரிந்த ஒருவர் நாலு பேருக்கும் சேர்த்து யோசித்துவிடலாம். அதனால் குடும்பத்துக்கு என்று எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஒருவரே எல்லோருக்கும் ஆடிவிட முடியுமா? முடியும் என்றால், பெட்டியில் என்ன வயது போட்டிருந்தாலும் எங்கள் வீட்டுக்கு ஆகாது.

எங்களிடம் நிலைத்தது ஜஸ்ட் ஒன். 2019இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது வாங்கியது. ஒருவர் கண்டுபிடிப்பவர். அவர் ஒரு அட்டையைத் தான் பார்க்காமல் மற்றவர்களுக்குக் காட்டுவார். அதில் 5 சொற்கள் இருக்கும். அவர் ஓர் எண்ணைச் சொல்ல, மற்றவர்கள் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கு ஒரே ஒரு சொல்லில் துப்பு எழுதுவார்கள். யாருக்கும் காட்டாமல் எழுத வேண்டும். பிறகு கண்டுபிடிப்பவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இருவர் ஒரே துப்பை எழுதியிருந்தால் இரண்டும் நீங்கும். மீதியை வைத்து ஒரே ஒரு முறை சொல்லலாம். மறைத்து எழுதுவதால் யாரும் யாரையும் ஏவ முடியாது.

போன பொங்கலில் வந்த சொல் 'தேங்காய்'. கண்டுபிடிப்பவன் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன். ஐந்து துப்புகளில் அத்தையும் சித்தப்பாவும் 'சட்னி' என்று எழுதித் தொலைத்தார்கள், இரண்டும் போயின. மிஞ்சியவை துருவல், கண், விடலை. முதல் இரண்டையும் பார்த்ததும் அவன் வாய் கேரட் என்று சொல்லப் போனது. துருவலாம், கண்ணுக்கும் நல்லதாம்! 'விடலை'தான் அவனை நிறுத்தியது. பிள்ளையார் கோயில் வாசலில் உடைப்பது நினைவுக்கு வந்து சரியாகச் சொன்னான். அதை எழுதியவர் பாட்டி. எல்லோரும் நினைப்பதை எழுதினால் அழிந்துபோகும், யாருக்கும் தோன்றாததை எழுதினால்தான் நிற்கும். இந்த இடத்தில்தான் பாட்டியின் கை ஓங்குகிறது.

வைகைக்கரை:
நன்றாக இருக்கிறதே! ஆனால் அட்டைகள் ஆங்கிலத்தில்தானே இருக்கும்? என் மாமியார் தமிழ் மட்டும் படிப்பார். குட்டிக்கு இன்னும் எழுத வராது.

பல்லாங்குழி:
அட்டையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் அக்கா. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் எழுத்தில்லாத பக்கத்தை வெட்டினால் போதும். ஓர் ஆட்டத்துக்கு 13 அட்டைகள், ஒவ்வொன்றிலும் 5 சொற்கள். எல்லாவற்றையும் ஒருவரே எழுத வேண்டாம். நான் தனியாக எழுதியிருந்தால் உரல், அம்மி, குத்துவிளக்கு என்றே போயிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவரும் பெரியவர் ஒருவரும் பாதிப் பாதி எழுதட்டும். வந்த சொல் யாருக்காவது தெரியவில்லை என்றால் வேறு எண் கேட்க விதியே இடம் தருகிறது.

விதிப்படி 3 முதல் 7 பேர். நீங்கள் 14 பேர் என்பதால் ஏழு ஜோடியாக உட்காருங்கள், ஜோடிக்கு ஒரு சிலேட்டு. எழுத வராத குட்டியை மாமியாரோடு சேர்த்துவிடுங்கள். பேனாவால் எழுதினால் எதிரே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியாது. சுண்ணக்கட்டி அல்லது தடித்த மார்க்கர் வேண்டும்.

தப்பாகச் சொன்னால் அந்த அட்டையோடு இன்னொன்றும் போய்விடும். தெரியவில்லை என்று விட்டுவிட்டால் அது மட்டும்தான் போகும். சொல்லலாமா விடலாமா என்று வீடே சேர்ந்து பதறுவது இங்கேதான்.

கணக்குப்பிள்ளை:
எழுத்தே வேண்டாம் என்றால் த மைண்ட் பாருங்கள். 1 முதல் 100 வரை எண் அட்டைகள். யாரும் பேசாமல், சைகை செய்யாமல், சிறிய எண்ணிலிருந்து வரிசையாக வைக்க வேண்டும். காது கேட்காத எங்கள் பெரியப்பாவுக்கு முதல்முறையாக எல்லோரும் சமமாக உட்கார்ந்த ஆட்டம் இதுதான். எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம்.

பல்லாங்குழி:
பெரியப்பா விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். ஆனால் ஆள் கணக்கு அப்படி இல்லை, விதிப்படி 2 முதல் 4 பேர்தான். நிலை ஏற ஏற ஆளுக்கு ஓர் அட்டை கூடும். பத்துப் பேர் ஆடினால் மூன்றாம் நிலையிலேயே 30 அட்டைகள், வரிசை நிற்கவே நிற்காது.

கணக்குப்பிள்ளை:
நாங்கள் ஆளுக்கு ஓர் அட்டையோடு நிறுத்திக்கொள்வோம். ஒன்பது பேர் ஆடியிருக்கிறோம், சிரிப்புக்குக் குறைவில்லை. விதியை வீட்டுக்குத் தகுந்தபடி வளைப்பதில் என்ன தவறு?

சேலத்து மாம்பழம்:
பல்லாங்குழி சொன்னதை எங்கள் வீட்டில் நேற்று ஆடிப் பார்த்தோம். பாட்டி, பேத்தி ஜோடியில் ஒரு சங்கடம். பேத்தி பாட்டியின் காதில் சொன்ன துப்பு தெருவுக்கே கேட்டது! கண்டுபிடிப்பவரை அடுத்த அறைக்கு அனுப்பிய பிறகுதான் சரியானது. இன்னொன்று, 'சாதம்' என்று அத்தையும் 'சோறு' என்று அப்பாவும் எழுதினார்கள். இரண்டும் ஒன்றா, வேறா?

பல்லாங்குழி:
கோவில், கோயில் என்று வந்தால் ஒன்றுதான், இரண்டையும் நீக்க வேண்டும். எழுத்துப்பிழை, பன்மைக்கும் அதே கணக்கு. சாதமும் சோறும் வெவ்வேறு சொற்கள், நான் விட்டுவிடுவேன்.

திண்ணைவாசி:
நான் நீக்கிவிடுவேன். ஒரே பொருள்தானே?

கணக்குப்பிள்ளை:
எங்கள் தாத்தா ஆட்டத்துக்கு வர மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். "தோற்கடிக்க ஆள் இல்லாமல் என்ன ஆட்டம்?" என்றார். சிலேட்டுகளை வாங்கி ஒப்பிடும் வேலையை அவரிடம் கொடுத்தோம். இப்போது நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் என்பதால், ஒற்றுப்பிழை இருக்கும் துப்புகளையும் சேர்த்து அடித்துவிடுகிறார். விதியில் அப்படி இல்லை என்று அவரிடம் யார் சொல்வது?