பெயரும் பிறந்த தேதியும் ஒன்றே: பிளஸ் 2 முடிவு மாறி வந்திருக்குமா?

திருவாரூர் அம்மா:
என் மகன் வகுப்பில் இன்னொரு பையனுக்கும் அதே பெயர், அதே முதலெழுத்து, அதே பிறந்த தேதி. இருவரும் ஒரே பாடப்பிரிவு, பதிவெண்களும் அடுத்தடுத்தவை. முடிவு வந்த காலையில் கணினி மையத்தில் பார்த்தபோது இயற்பியலில் 91 இருந்தது. மாலையில் கைபேசிக்கு வந்த எஸ்.எம்.எஸ்.-இல் 67. எதை நம்புவது? பெயரை வைத்து மதிப்பெண்ணைச் சேர்த்துவிட்டார்களா?

மாறன்:
பிறந்த தேதி கேட்பதே ஆளைப் பிரித்தறியத்தானே? அதுவும் ஒன்றாகிவிட்டால் தளம் குழம்பத்தான் செய்யும்.

நாகை வாசகர்:
சான்றிதழில் பெயர் பிழையாக இருந்தால் பள்ளி வழியாகத் திருத்த விண்ணப்பிக்கலாம். என் அண்ணன் மகனுக்கு அப்படித்தான் செய்தோம்.

திருவாரூர் அம்மா:
பெயரில் பிழை ஏதும் இல்லை ஐயா. மதிப்பெண்தான் யாருடையது என்று தெரியவில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
மாறன் சொன்னதில் பாதி சரி. மதிப்பெண்ணைத் தேடி எடுப்பது பதிவெண் மட்டும்தான். பெயரை வைத்து எதையும் சேர்ப்பதில்லை. பிறந்த தேதி வெறும் பூட்டு. பதிவெண்ணில் ஓர் இலக்கம் தவறினால் தேதி பொருந்தாமல் பக்கம் திறக்காது. உங்கள் வீட்டு விஷயத்தில் அந்தப் பூட்டு வேலை செய்யாது அம்மா. அடுத்த பையனின் எண்ணைத் தட்டினாலும் தேதி பொருந்தும், பெயரும் சரியாகவே தெரியும், சந்தேகமே வராது. அச்செடுத்த தாளையும் நுழைவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்து, பதிவெண்ணைக் கடைசி இலக்கம் வரை ஒப்பிடுங்கள்.

எஸ்.எம்.எஸ்.-ஐயும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பள்ளி கொடுத்த கைபேசி எண்ணுக்குப் போகிறது. பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது இரு வீட்டு எண்களும் இடம் மாறியிருந்தால், அவன் மதிப்பெண் உங்களுக்கு வரும்.

சி.பி.எஸ்.இ. பெற்றோர்:
எங்கள் பக்கம் பதிவெண்ணோடு பள்ளி எண்ணும் நுழைவுச்சீட்டு அடையாள எண்ணும் கேட்கிறார்கள். அந்த அடையாள எண்ணில் எழுத்தும் இலக்கமும் கலந்திருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் வேறு. பதிவெண்ணைத் தவறாக அடித்தாலும் இன்னொரு பிள்ளையின் பக்கம் திறந்துவிடாது. மாநில வாரியமும் ஒன்று சேர்க்கலாம்.

திருவாரூர் அம்மா:
ஒப்பிட்டேன் ஐயா. நுழைவுச்சீட்டில் கடைசி இலக்கம் 5, அச்சுத்தாளில் 4. சரியான எண்ணைக் கொடுத்தால் 67தான் வருகிறது: எழுத்துத் தேர்வு 40, செய்முறை 18, அகமதிப்பீடு 9. ஆனால் மகன் ஒப்புக்கொள்ளவில்லை. நன்றாக எழுதினானாம். தேர்வறையில் அந்தப் பையன் இவனுக்கு முன் இருக்கையில்தான் இருந்தானாம். விடைத்தாளே மாறியிருக்கலாம் என்கிறான்.

மாறன்:
செய்முறை மதிப்பெண்ணை மாற்றிப் போட்டிருப்பார்கள். அதைப் பள்ளியில்தானே பதிவு செய்கிறார்கள்?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
அங்கே தவறு நடக்க வாய்ப்பு உண்டுதான். பட்டியலில் பெயரைப் பார்த்து மதிப்பெண்ணைப் போடுகிறவர், அடுத்த வரியில் அதே பெயரைக் கண்டால் தடுமாறுவார். ஆனால் கணக்கைப் பாருங்கள். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. மொத்தம் முப்பதில் இவனுக்கு 27 வந்திருக்கிறது. முழுதாகப் போட்டாலும் மூன்றுதான் கூடும். இடைவெளி 24. ஆகவே பார்க்க வேண்டியது எழுபதுக்கான விடைத்தாளைத்தான்.

விடைத்தாள் மாறுவதைத் தடுப்பது முகப்புத் தாள். அதில் மாணவனின் புகைப்படமும் பதிவெண்ணும் அச்சாகியிருக்கும், அவன் கையொப்பமும் இருக்கும். திருத்துகிறவர் பெயரைப் பார்ப்பதில்லை. பட்டைக் குறியீடுதான் தாளையும் ஆளையும் பிறகு இணைக்கிறது. முன் இருக்கைப் பையனின் தாள் உங்கள் மகனிடம் வந்திருந்தால், புகைப்படத்தைப் பார்த்ததும் அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். பார்த்தானா என்று கேளுங்கள். பள்ளி பதிவேற்றிய புகைப்படமே இருவருக்கும் மாறியிருந்தால்தான் சிக்கல். அப்போது நுழைவுச்சீட்டிலும் தவறான படம் இருக்கும்.

திருவாரூர் அம்மா:
நுழைவுச்சீட்டில் இவன் படம்தான் இருக்கிறது. முகப்புத் தாளைக் கவனித்ததாக அவனுக்கு நினைவில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
அப்படியானால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அவசரப்பட்டு மறுகூட்டலுக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் கூட்டலைத்தான் சரிபார்ப்பார்கள், கையெழுத்து உங்கள் கண்ணுக்கு வராது. நகல் வாங்கியவர்கள் பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள். நகலில் இருப்பது மகனின் எழுத்துதான் என்றால் தாள் மாறவில்லை. அதற்குப் பிறகு மறுமதிப்பீடு கேட்பதா என்பது அவனும் இயற்பியல் ஆசிரியரும் பேசி முடிவு செய்ய வேண்டியது. எழுத்து வேறாக இருந்தால் அந்த நகலோடு பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுதுங்கள்.

சி.பி.எஸ்.இ. பெற்றோர்:
மற்ற பையனின் வீட்டுக்குச் சொல்லிவிட்டீர்களா? அவர்களும் தவறான எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கலாமே.

திருவாரூர் அம்மா:
இன்னும் இல்லை. அவர்களுக்குத் தொலைபேசி செய்து பார்க்கிறேன். நகலுக்கு நாளை பள்ளியில் விண்ணப்பிக்கிறோம்.